ஒரு நாள் முன்னதாக

தம்பானூரில், நகரத்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போடும் வேலையில் இருந்தேன். ஓர் ஐப்பசி மாதம், பொன்முடி மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தமிழ்க்காரர் தன் மகளோடு வந்தார். அவளுக்கு வளைகுடாவில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. இங்கிருந்து விமானம் சாயங்காலம்.

"அன்னிக்கு மத்தியானம் மலையிறங்கினா போதும்ல, சார்?" என்று கேட்டார்.

"இந்த மாசத்துல மத்தியானத்துக்கு மேலதான் இடிமழை வரும். மண் சரிஞ்சா பஸ் அடிவாரத்துல வித்துராவோட நின்னுடும், மேல வராது. முந்தின நாள் காலையிலேயே இறங்கிடுங்க," என்றேன்.

அப்படியே அப்பாவும் மகளும் முந்தின நாள் காலையில் வந்து லாட்ஜில் தங்கினார்கள். தோட்டத்தில் முந்தின நாளுக்கு லீவு கிடைக்காத அம்மா, மறுநாள் காலை பஸ்ஸில் வந்து வழியனுப்புவதாக ஏற்பாடு. ஆனால் அன்று மாலையே மழை கொட்டி மலைப்பாதை சரிந்தது. காலையில் பஸ் ஓடவில்லை.

தோட்டத்து ஆபீஸிலிருந்து அம்மா எங்கள் போனுக்குக் கூப்பிட்டாள். அந்தப் பெண் என் மேசையருகே நின்று பேசினாள்.

"நடந்தெல்லாம் இறங்காதம்மா. நான் போய்ச் சேர்ந்ததும் பேசுறேன்," என்றாள். அப்புறம் ரிசீவரை வைத்துவிட்டுப் பெட்டியை எடுக்க லாட்ஜுக்குப் போனாள்.

விமானம் நேரத்துக்குப் புறப்பட்டது. அப்பா ஆபீஸுக்கு வந்து நன்றி சொன்னார். ஆனால் நான் பயணம் போகிறவளை மட்டும்தான் கணக்கில் எடுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு மழைக்காலத்தில் டிக்கெட் போட வருகிறவர்களிடம், வழியனுப்ப யார் வருகிறார்கள் என்றும் கேட்பேன். அவர்களையும் முந்தின நாள் காலையிலேயே கூட்டிவரச் சொல்வேன்.