பார்த்தவர்: ஒருவர்

கத்திரி என்ற பெயரை அவளுக்கு வைத்தது அவளுடைய அக்காதான். கையிலும் கத்திரி, வாயிலும் கத்திரி என்பது அக்காவின் விளக்கம். பதினோரு வருடமாகப் பெண்களுக்கு முடி வெட்டுகிறாள். வாடிக்கையாளர்களும் இப்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

மூன்று வருடம் அவளோடு இருந்தவன் ஒரு லிப்ட் மெக்கானிக். நான்கு வரிச் செய்தி அனுப்பிவிட்டுப் போனான். அதில் இரண்டு வரி வானிலையைப் பற்றியது. எட்டு மாதம் ஆகிவிட்டது. அவன் விட்டுப்போன கருவிப் பையை அவன் குடியிருக்கும் கட்டடத்தின் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தாள். கிடைத்தது என்றுகூட அவன் சொல்லவில்லை. போன் இல்லை, செய்தி இல்லை, பொது நண்பர்கள் வழியாக ஒரு விசாரிப்பும் இல்லை.

ஆனால் அவள் இன்ஸ்டாவில் போடும் ஒவ்வொரு ஸ்டோரியையும் பார்த்தான்.

அவள் ஒரு நாளைக்கு ஆறு ஸ்டோரி போடுவாள். வெட்டுவதற்கு முன், வெட்டிய பின், நான்கு மணிக்கு ஒரு நேரம் காலியாக இருக்கிறது, இன்று வண்ணம் பூசியது இந்த நிறம். ஒவ்வொன்றும் இருபத்துநான்கு மணி நேரம் நிற்கும். யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் அவளுக்கு மட்டும் தெரியும். இரண்டு நாள் கழித்து அதுவும் மறைந்துவிடும். அந்தப் பட்டியலில் அவன் இல்லாத நாளே இல்லை. தன் பக்கத்தில் அவன் எதுவும் போடுவதில்லை. கடைசியாகப் போட்டது ஒரு பைக் படம், அதுவும் பாதி வெட்டுப்பட்டு.

"லிஸ்ட்ல எப்பவும் அவன்தான் மேல இருக்கான்," என்றாள் அக்காவிடம். அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் ஆதாரம் இல்லாமல் நம்ப மாட்டாள்.

"மேல இருந்தா முதல்ல பாத்தான்னு அர்த்தம் இல்லடி. ஆள் அதிகமாயிட்டா நேரப்படி வராது. அதுவா ஒரு கணக்குப் போட்டு அடுக்கும்."

"அப்போ போட்ட உடனே நாலு பேர் மட்டும் இருக்கறப்போ பாப்பேன். அதுலயும் இருக்கான்."

"ஒருத்தர் ஸ்டோரி முடிஞ்சா அடுத்தது தானா ஓடும். படுத்துட்டு விரலால தட்டிட்டே போயிருப்பான். உன்னத் தேடி வந்திருக்கணும்னு என்ன?"

கத்திரி சோதித்தாள். நீளமா, குட்டையா என்று ஒரு வாக்கெடுப்பு போட்டாள். தொண்ணூறு பேர் பார்த்து அறுபது பேர் தட்டினார்கள். அவன் பார்த்தான், தட்டவில்லை. கேள்விப் பெட்டி வைத்தாள். பார்த்தான், எழுதவில்லை. ஒரே ஸ்டோரியை ஒருவன் ஒரு தடவை பார்த்தானா பத்து தடவை பார்த்தானா என்று ஆப் சொல்லாது. பெயர் ஒரு முறைதான் வரும். பத்து தடவை என்றே அவள் வைத்துக்கொண்டாள்.

"பிளாக் பண்ணு," என்றாள் அக்கா.

"பண்ணினா எனக்கு வலிக்குதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்."

"சரி, ஸ்டோரிய மட்டும் மறைச்சு வை. ஆப் அவனுக்குச் சொல்லாது."

"வேற பேர்ல வருவான். இன்ஸ்டா கணக்கப் பூட்டி வைக்கவும் முடியாது, தொழில் கணக்கு. இப்பவாவது எதிரி எங்க உக்காந்திருக்கான்னு எனக்குத் தெரியுது."

"எதிரியா? அவனுக்கு அவ்வளவு சுறுசுறுப்பு ஏது?"

கத்திரி பேச்சை மாற்றினாள். உண்மை வேறு. தான் நன்றாக இருப்பதை அவன் பார்க்க வேண்டும், பார்த்து வயிறு எரிய வேண்டும். புது ஏப்ரன் வாங்கினால் அதைக் கட்டிக்கொண்டு ஒரு படம் போடுவாள். யாருக்காக என்று அக்கா கேட்டால், வாடிக்கையாளருக்காக என்பாள்.

பிறகு கடை விவகாரம் வந்தது. வேலை செய்த சலூனை விட்டுவிட்டுத் தனியாகத் தொடங்கத் தீர்மானித்தாள். பழைய சலூன் முதலாளி அம்மா, வாடிக்கையாளர்களின் போன் எண்கள் எழுதிய நோட்டைத் தன் மேசையில் வைத்துப் பூட்டிவிட்டார். அது அவர் சொத்து, கேட்க முடியாது. கத்திரியிடம் மிச்சம் இருந்தது அந்த இன்ஸ்டா கணக்கு ஒன்றுதான். அவளைத் தேடி வருபவர்கள் அதைப் பார்த்துத்தான் வருவார்கள். முடி வளர்வது நிற்காது. ஒன்றரை மாதம் அவள் இடம் தெரியவில்லை என்றால் வேறு கடை நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

முனையில் ஒரு கடை காலியாக இருந்தது. கண்ணாடிக் கதவைப் படம் எடுத்து, "விரைவில்" என்று எழுதிப் போட்டாள். மூன்றாம் நாள் தரகர் போன் செய்தார். இடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

"அவன்தான்," என்றாள் கத்திரி. பழைய முதலாளி அம்மா வீட்டு லிப்டை மாதா மாதம் பார்ப்பது அவன் கம்பெனி. "பாத்துட்டு நேரா போய்ச் சொல்லியிருக்கான்."

அன்றே பொறி வைத்தாள். நெருங்கிய நண்பர்கள் என்று அந்த ஆப்பில் ஒரு பட்டியல் உண்டு. அதில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி ஸ்டோரி போடலாம். அவர்களுக்கு அது பச்சை வளையத்தோடு வரும். அந்தப் பட்டியலில் வேறு யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கத்திரி அதில் இருந்த பதினேழு பேரையும் நீக்கினாள். அவனை மட்டும் சேர்த்தாள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பச்சை வளையம் வந்தா அவன் என்னடி நெனப்பான்? மனசுல இன்னும் எடம் இருக்குன்னு நெனப்பான்."

"நெனக்கட்டும்."

ஒன்பது நாள் பொய் போட்டாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டாவது மாடி பேசி முடித்தாகிவிட்டது. வண்ணம் பூச அடுத்த வாரம் பாதி விலை. முதலாளி அம்மாவின் மூத்த ஊழியர் என்னோடு வருகிறார். எழுதி முடித்ததும் திரையின் கீழே இரண்டு பொத்தான் வரும். இடது பக்கம் எல்லோருக்கும், அதன் பக்கத்தில் பச்சை நட்சத்திரம். நட்சத்திரத்தைத் தட்டுவாள். ஐந்து நிமிடத்துக்குள் பட்டியலில் அவன் பெயர் வந்துவிடும். பிறகு காத்திருப்பாள். பேருந்து நிலையத்து மாடியை யாரும் கேட்டு வரவில்லை. பழைய சலூனில் விலை குறையவில்லை. மூத்த ஊழியரை யாரும் திட்டவில்லை.

இதற்கிடையில் தரகர் வேறு இடம் காட்டினார். சின்னது, தரைத்தளம், மருந்துக் கடைக்கு அடுத்த கதவு. காட்டும்போதே சொன்னார்: "அந்த முனைக் கடை ஓனரோட மச்சானுக்கே போயிடுச்சும்மா. போன வருஷமே பேசி வச்சதாம். எங்கிட்ட சொல்லாம விட்டுட்டார்."

அவன் உளவாளி இல்லை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். கத்திரிக்கு அதுதான் அதிகக் கோபத்தைக் கொடுத்தது. கெடுக்க நினைத்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

"இனிமே அந்த லிஸ்ட்ட பாக்காத," என்றாள் அக்கா, கடைச் சுவருக்கு வெள்ளை அடித்தபடி. "திறப்பு முடியற வரைக்கும். எம்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். எட்டு மாதத்தில் முதல் முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்டாள்.

திறப்புக்கு மூன்று நாள் முன்பு முகவரி போட்டாள். மறுநாள் கதவின் படம், மருந்துக் கடைப் பலகையோடு. அதற்கடுத்த நாள், முதலில் பதில் அனுப்பும் பத்துப் பேருக்கு இலவச வெட்டு. ஒரு பதிலும் வரவில்லை. எல்லோரும் நேரில் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கதவைத் திறந்தாள். இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, மடித்து அடுக்கிய பன்னிரண்டு துண்டு. அக்கா விடுப்பு எடுத்து வந்து வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். பதினொன்று ஆனது. ஒருவர் எட்டிப் பார்த்து இருமல் மருந்து கேட்டார். பதினொன்றரைக்கு அக்கா துண்டுகளைக் கலைத்து மறுபடி மடித்தாள்.

"முதலாளியம்மா எல்லாருக்கும் போன் பண்ணித் தடுத்திருக்காங்க," என்றாள் கத்திரி. "அவன்தான் எடத்தச் சொல்லியிருப்பான்."

"சும்மா இரு. எத்தனை பேர் பாத்திருக்காங்க?"

"பாக்கக் கூடாதுன்னு நீதான சத்தியம் வாங்கின?"

அக்கா தன் போனை எடுத்தாள். தங்கையின் படத்தைச் சுற்றி வளையமே இல்லை. தட்டினாள்; ஸ்டோரி எதுவும் திறக்கவில்லை. "நீ எதுவும் போடலயே," என்றாள்.

கத்திரி தன் போனைத் திறந்தாள். நேற்றுப் போட்ட ஸ்டோரி பச்சையாக இருந்தது; நேரம் முடிந்து காப்பகத்துக்குப் போயிருந்த முந்தைய இரண்டும் அப்படியே. ஒன்பது நாள் தட்டிப் பழகிய விரல் அதே நட்சத்திரத்தைத் தட்டியிருந்தது. மேலே இழுத்தாள். பார்த்தவர்: ஒருவர். பெயரைப் படிக்க வேண்டியதில்லை.

அக்கா எட்டிப் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், முடியவில்லை. "ஊருக்கெல்லாம் கடை திறந்திருக்கன்னு நெனச்சேன். அவன் ஒருத்தனுக்குத் திறந்திருக்க."

"வாய மூடு அக்கா."

"முடி வெட்டிக்கவாவது வந்திருக்கலாம் பாவி."

போட்ட ஸ்டோரியை எல்லோருக்கும் என்று மாற்ற வழியில்லை. அழித்துவிட்டு, மூன்று படத்தையும் புதிதாகப் போட்டாள். பொத்தானைத் தட்டுமுன் அக்கா அவள் விரலைப் பிடித்து இடது பக்கம் வைத்தாள். இருபது நிமிடத்தில் எழுபது பேர். பதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பன்னிரண்டே முக்காலுக்கு பழைய வாடிக்கையாளர் ஒருவர், வங்கியில் வேலை செய்யும் அம்மா, மூச்சு வாங்க வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்கம்மா போயிட்ட? தொழிலையே விட்டுட்டன்னு நெனச்சேன். நாளைக்கு எதிர்த்த தெருக் கடையில நேரம் கேட்டு வச்சிருக்கேன்."

"அத வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள் கத்திரி, துணியைக் கழுத்தில் போர்த்தியபடி.

முடியை நனைத்துவிட்டு ஒரு நிமிடம் என்றாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அடித்தாள்: "இந்தப் பச்சை வளையத்துக்குள்ள இருக்கறது நீ ஒருத்தன்தான். நீ ஒற்றனான்னு பாக்கத்தான் உள்ள விட்டேன். அதுக்குக்கூட நீ லாயக்கில்ல. பேச வாய் இல்லாதவனுக்கு இங்க பாக்க எதுவும் இல்ல." இந்த முறை தெரிந்தே நட்சத்திரத்தைத் தட்டினாள்.

இரண்டாவது நிமிடம் பெயர் வந்தது. பார்த்துவிட்டான். போனைக் கண்ணாடி முன் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னந்தலையை வெட்டத் தொடங்கினாள். பின்னந்தலை முடிந்தது. வலது பக்கம் முடிந்தது. திட்டுகூட வரவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறான் என்ற அந்த மூன்று புள்ளிகூட வரவில்லை.

இடது பக்கம் தொடங்குமுன் அவன் பெயரைத் திறந்து பிளாக் செய்தாள். அவன் வைத்திருக்கும் கணக்குகளையும் இனி தொடங்கப்போகும் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கவா என்று ஆப் கேட்டது. ஆமாம்.

"யாரும்மா அது?" என்றார் வங்கி அம்மா, கண்ணாடியில் அவளைப் பார்த்து.

"லிப்ட் மெக்கானிக்."

"தரைத்தளத்துல இருக்கற கடைக்கு லிப்ட் எதுக்கு?"

"அதான் வேண்டாம்னு சொல்லிட்டேன். தலையக் கொஞ்சம் குனிங்க."