அதிகம் விற்ற வெள்ளிக்கிழமை

வாடிப்பட்டியில் கருத்தக்கண்ணனின் சிமெண்டு, கம்பி, பெயிண்டுக் கடையைத் தெரியாதவர் இல்லை. காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி வரை ஆள் நின்றுகொண்டே இருக்கும். மத்தியானச் சாப்பாட்டை அவன் நின்றபடியே சாப்பிடுவான். காதில் ஒரு போன், கையில் ஒரு போன். அந்தக் கடைக்கு ஜிஎஸ்டி கணக்கு போட்டுக் கொடுப்பது நான். கடை எதிரில்தான் என் ஆபீஸ். பெயர் ஜலால். கருத்தக்கண்ணனுக்கு நான் பாய்.

நான்கு வருடமாக அவன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "பாய், மாசம் இருவது லட்சம் விக்கிறேன். கையில காசு நிக்க மாட்டேங்குதே, ஏன்?"

நானும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இருபது லட்சத்துக்கு விற்கிறாய், அந்தச் சரக்கை வாங்கியதே பதினெட்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கு. மூட்டைக்கு எட்டு ரூபாய் வைத்துச் சிமெண்டு விற்றால் வேறு என்ன நிற்கும்? மிச்சம் ஒரு லட்சத்து இருபதாயிரம். அதில் வாடகை, லோடுமேன் சம்பளம், வண்டித் தவணை, கரண்டு, தண்டல்காரன் வட்டி எல்லாம் போனால் இருபத்தைந்தாயிரம். அதுதான் லாபம். அந்த லாபமும் உன் கல்லாவில் இல்லை, ஊரான் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஏஜென்சிக்காரன் பதினைந்து நாளில் பணத்தை வாங்கிவிடுகிறான், உன்னிடம் வாங்கினவன் ஆறு மாதம் ஆனாலும் தருவதில்லை. பில் போட்டாயிற்று என்றால் அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் வரியும் கட்டியாக வேண்டும். வாங்கினவன் காசு கொடுத்தானா என்று சர்க்கார் கேட்காது.

தலையை ஆட்டுவான். அதற்குள் போன் அடிக்கும். "இந்தா, லோடு கெளம்பிருச்சுண்ணே" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிடுவான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

போன வருடம் ஆவணியில் மகனுக்குக் காதுகுத்து வைத்தான். இந்தப் பக்கத்தில் காதுகுத்து என்றால் மொய்தான் முக்கியம். வந்தவர் பெயரையும் தொகையையும் மைக்கில் படிப்பார்கள். மொத்தம் ஆறு லட்சம் விழுந்தது. மண்டபம், பந்தி, பிளெக்ஸ் போக நான்கு லட்சம் நின்றது. அத்தனையையும் கடையில் போட்டான். ஏஜென்சி பாக்கியைத் தீர்த்தான், புதிதாக இரண்டு லோடு இறக்கினான், அதையும் கடனுக்கே ஏற்றி அனுப்பினான். இரண்டு மாதம் கையில் காசு புரண்டது. "கடை இப்பத்தான் தெளிஞ்சுச்சு பாய்" என்றான்.

அது கடை சம்பாதித்த காசில்லை, ஊர் கொடுத்து வைத்த காசு, கேட்டு வருவார்கள் என்றேன். மொய்யைப் போய்க் கடன் என்கிறீர்களே என்று வருத்தப்பட்டான். என்ன சொல்லித் தொலைவது?

இந்த வருடம் ஆவணி பிறந்ததும் பத்திரிகைகள் வரத் தொடங்கின. அதில் ஒன்று சிவக்குமார் வீட்டுப் புதுமனை புகுவிழா. சிவக்குமார் வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர். இந்த முறை தனக்கே மாடி வைத்துக் கட்டியிருந்தான். அஸ்திவாரத்திலிருந்து மொட்டை மாடி வரை சிமெண்டு கருத்தக்கண்ணன் கடையிலிருந்து போனது. அதில் பாக்கி ஒரு லட்சத்து எண்பதாயிரம். காதுகுத்தில் அவன் வைத்த மொய் இருபத்தைந்தாயிரம். முறைப்படி அதைத் திருப்பி, மேலே இன்னொரு இருபத்தைந்தும் சேர்த்து ஐம்பதாக வைக்க வேண்டும். விழா வெள்ளிக்கிழமை.

அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணியோடு திவ்யாவின் காலேஜுக்குப் பணம் கட்டும் கெடு முடிகிறது. திவ்யா அவனுடைய மூத்த பெண். பிளஸ் டூ முடித்துவிட்டு லீவில் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நர்சிங் சீட் கிடைத்திருந்தது. அறுபதாயிரம் கட்டினால் சீட் அவளுக்கு, இல்லையென்றால் அடுத்த பெண்ணுக்கு. அவளுடைய அம்மா முனீஸ்வரி கழுத்துச் சங்கிலியை வியாழக்கிழமை அடகு வைத்து அறுபதாயிரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது கவரில் போட்டுக் கல்லாவில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கருத்தக்கண்ணன் சிவக்குமாருக்குப் போன் செய்து, மொய்யைச் சிமெண்டுப் பாக்கியில் கழித்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஸ்பீக்கரில் பதில் கேட்டது.

"மாப்ள, மொய் வேற, யாவாரம் வேற. மைக்குல ஒம் பேரு வரலைன்னா ஊரு என்னய்யா நெனைக்கும்? ஒனக்குத்தான அசிங்கம்."

எவ்வளவு அக்கறை பாருங்கள்.

கருத்தக்கண்ணன் கவரிலிருந்து ஐம்பதாயிரத்தை எண்ணி எடுத்தான். முகூர்த்த நாள், வேலை தொடங்குகிறவர்கள் நிறைய, மத்தியானத்துக்குள் கல்லாவில் இதைப் போல இரண்டு மடங்கு விழுந்துவிடும் என்றான். என்னிடமும் கேட்டான். நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அதுவும் சிமெண்டாகிக் கடனில் போகும். கணக்கு எழுதியதற்கு அவன் எனக்குத் தர வேண்டிய ஒரு வருடச் சம்பளமே அங்கேதான் போயிருக்கிறது. திவ்யா, "அப்பா, பீஸு..." என்று தொடங்கினாள். அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

விழாவில் மைக்கில் அவன் பெயரைத் தெளிவாகத்தான் படித்தார்கள். பழைய மொய் இருபத்தைந்து, புது மொய் இருபத்தைந்து. தன் சிமெண்டில் எழும்பிய கூடத்தில் உட்கார்ந்து அவன் சாப்பிட்டான்.

கடையில் அவன் சொன்னபடியே கூட்டம் அலைமோதியது. திவ்யாவுக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை. மூன்று மணிக்கு அவன் வேர்த்து விறுவிறுத்து வந்து, "எம்புட்டும்மா ஆச்சு?" என்று கேட்டான். அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அவன் முகம் மலர்ந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான், ஜெயித்துவிட்டவன் மாதிரி.

திவ்யா அதோடு நிறுத்தவில்லை.

"பில்லு போட்டது அம்புட்டுப்பா. அதுல நமக்கு நிக்கிறது ஆறாயிரத்துச் சொச்சம். அதுலயும் வாடகை, சம்பளம் போவணும். கைக்கு வந்தது பதினெட்டாயிரம், மத்ததெல்லாம் கடன். தண்டல்காரரு அஞ்சாயிரம் வாங்கிட்டுப் போயிட்டாரு, டீசலுக்கு ரெண்டாயிரம். இந்தா, பதினொண்ணு இருக்கு. கவருல பத்து. கட்ட வேண்டியது அறுபது."

அவள் அழவில்லை. நான்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். நான்கு வருடமாக நான் தொண்டை வற்றக் கத்தியதை அந்தப் பெண் தன் சீட்டைக் கொடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதும் அவனுக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. போனை எடுத்து, பாக்கிக்காரர்களை ஒவ்வொருவராக அழைத்தான். முகூர்த்த நாளும் அதுவுமாக யார் பணம் தருவார்கள்? ஒருவன் திங்கட்கிழமை என்றான், ஒருவன் தீபாவளிக்குள் என்றான், மற்றவர்கள் எடுக்கவே இல்லை. காலேஜுக்கும் பேசினான். பாதியாகக் கட்டினால் எடுத்துக்கொள்ள மாட்டோம், கெடுவும் நீட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முனீஸ்வரி இரண்டு முறை போன் செய்து பணம் கட்டியாயிற்றா என்று கேட்டாள். இரண்டாவது முறை அவன் எடுக்கவில்லை.

மணி நான்கு தாண்டியது. கம்பி வாங்க வந்தவர் அளவு சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலரைக்கு சிவக்குமார் போன் செய்தான். விழா அமோகமாக நடந்ததாம், மாப்பிள்ளை வைத்த மொய்யை ஊரே பேசுகிறதாம். காம்பவுண்டுச் சுவர் மட்டும் பாக்கி, இன்றே நாற்பது மூட்டை அனுப்பச் சொன்னான்.

"நாப்பது மூட்டைம்மா, பில்லு போடு" என்றான் கருத்தக்கண்ணன். குரலில் பழைய சுறுசுறுப்பு வந்துவிட்டிருந்தது.

திவ்யா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "காசாப்பா, கடனாப்பா?"

 அவன் வெளியே பார்த்து லோடுமேனைக் கூப்பிட்டபடி, "எழுதிக்கம்மா" என்றான்.

அவள் பில் போட்டாள், பதினான்காயிரத்து நானூறு. அன்றைய பில்களை எல்லாம் கூட்டினால், அந்தக் கடை ஒரே நாளில் அதற்கு முன் அவ்வளவு விற்றதில்லை.