விருப்பமிருந்தால் நிரப்பவும்

விண்ணப்பத்தில் மற்ற எல்லாக் கட்டங்களிலும் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் நட்சத்திரம் இல்லை. "கூடுதல் தகவல். விருப்பமிருந்தால் நிரப்பவும். முதன்மைக் கட்டுரையில் சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஆயிரத்து ஐந்நூறு எழுத்துகள் வரை இடம்.

நான் நர்சிங் முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொது சுகாதாரம் படிக்க, உதவித்தொகையோடு சேர்த்து விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசி நாள் அன்றுதான். அங்கே நண்பகல் பன்னிரண்டு மணி வரை. நமக்கு மாலை ஐந்தரை.

முதன்மைக் கட்டுரையை ஒரு மாதமாகத் திருத்தியிருந்தேன். திருவேட்டக்குடியில் நடந்த மருத்துவ முகாமில் மீன் விற்கும் பெண்களுக்கு நான் இரத்த அழுத்தம் பார்த்தது, அவர்களில் பலர் அதுவரை ஒருமுறைகூடப் பார்த்துக்கொள்ளாதது, கூடையை இறக்கி வைக்காமலே கையை நீட்டிய ஒரு அக்கா, இதெல்லாம் அதில் இருந்தது. கூடுதல் தகவல் கட்டத்தையும் காலையிலேயே நிரப்பிவிட்டேன். இடம் கொடுத்திருக்கிறார்களே, காலியாக விட்டால் அக்கறை இல்லாதவள் என்று நினைப்பார்கள் என்ற பயம். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் எழுத்துகள் வந்தன.

கல்லூரியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி இதே மாதிரிப் படிப்பை முடித்துவிட்டு அங்கேயே வேலையில் இருந்தாள். அவளுக்கு அனுப்பி வைத்தேன். இரண்டு மணிக்குக் கூப்பிட்டாள்.

"கடைசிக் கட்டத்துல என்னடி எழுதியிருக்க?"

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கட்டுரைய சுருக்கி மறுபடியும் வச்சிருக்க. அதே முகாம், அதே கூடைக்கார அக்கா. படிக்கிறவங்களுக்கு இதுல புதுசா ஒண்ணும் கிடைக்காது. உன் மார்க்‌ஷீட்ட பாத்தா அவங்களுக்கு ஒரு கேள்வி வரும். அதுக்கு நீ எங்கயும் பதில் சொல்லல."

எந்தக் கேள்வி என்று நான் கேட்கவில்லை. நான்கு வருடப் படிப்பை ஐந்து வருடத்தில் முடித்தவள் நான். இரண்டாம் ஆண்டில் ஒரு வருடம் அப்படியே காணாமல் போயிருந்தது. திரும்பி வந்து எழுதிய தேர்விலும் மதிப்பெண் குறைவு.

"அந்தக் கட்டம் அதுக்குத்தான் இருக்கு. நாலு வரி போதும். என்ன நடந்துச்சு, எப்பலேருந்து எப்ப வரைக்கும், அப்புறம் எப்படிப் படிச்ச. கதையெல்லாம் வேணாம்" என்றாள்.

அந்த வருடம் என் அம்மாவுக்கு மனநலம் குலைந்திருந்தது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் வார்டில் இரண்டு முறை சேர்த்தோம். அப்பாவுக்கு வயல் வேலையை விட முடியவில்லை. நான் கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அம்மாவோடு இருந்தேன். கோட்டுச்சேரியில் எங்கள் தெருவில் யாருக்கும் இது தெரியாது. வீட்டுக்குள்ளேயும் அந்த வருடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அம்மா அடுத்த அறையில் ஒரு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தார். போய், அந்த விடுப்பைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். மெஷினை நிறுத்தவில்லை.

"அவங்களுக்கு எதுக்கு அது?"

"ஏன் ஒரு வருஷம் விட்டேன்னு கேப்பாங்கம்மா."

"கேட்டா பாத்துக்கலாம். என்னப் பத்தி எதுவும் எழுதாத."

நான் திரும்பி வந்துவிட்டேன். மணி மூன்று. எனக்கு மஞ்சள் காமாலை வந்ததாக எழுதிவிடலாமா என்று யோசித்தேன். எழுதியும் பார்த்தேன். மிகச் சுலபமாக இரண்டு வாக்கியம் வந்தது. ஆனால் பரிந்துரைக் கடிதம் கொடுத்த பேராசிரியைக்கு, நான் குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ளத்தான் விடுப்பு எடுத்தேன் என்பது தெரியும். அவரிடம் விசாரித்தால் நான் பொய்க்காரியாகத் தெரிவேன். அப்படி மாட்டாமல் போனாலும், அந்த இரண்டு வாக்கியத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. அழித்தேன். கட்டம் காலியானது.

நான்கு மணிக்கு அம்மா டீ கொண்டு வந்து வைத்தார். திரையைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

"வெறுமனே விட்டுட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. அவங்களா ஏதாச்சும் நினைச்சுப்பாங்க."

"என்னன்னு?"

"ரெண்டாவது வருஷம் பெயிலாயிட்டேன்னு."

அம்மா அப்படியே நின்றார். அழுதுவிடுவாரோ, அந்த நாட்கள் மறுபடி ஆரம்பித்துவிடுமோ என்று பயந்தேன். ஏன் சொன்னோம் என்று என்னையே நொந்துகொண்டேன்.

"நீயா பெயிலு?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். "எனக்காக நின்னத அவங்க பெயிலும்பாங்களா?"

அம்மா டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"எழுது. வியாதி பேரு வேணாம். எழுதிட்டு எனக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டு. நான் சரின்னு சொன்னப்புறந்தான் அனுப்பணும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் எழுதினேன். எழுதியதைத் தமிழில் சொன்னேன். 'இரண்டாம் ஆண்டில், ஆகஸ்ட் முதல் மே வரை, மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்பட்ட குடும்ப உறுப்பினர் ஒருவரைக் கவனித்துக்கொள்ளக் கல்லூரியின் அனுமதியோடு விடுப்பில் இருந்தேன்.'

"ஆகஸ்ட்டுன்னா?"

"ஆடி நடுவுலேருந்து."

"இல்ல. ஆனி கடைசி. ஆடிப்பெருக்குக்கு நான் வார்டுலதான் இருந்தேன். ஜன்னல் வழியா பொண்ணுங்க பூ வச்சிக்கிட்டுப் போறதப் பாத்தேன்."

அந்த வருடத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வாக்கியம் அது. கல்லூரி கொடுத்த விடுப்புக் கடிதத்தின் நகலைத் திறந்து பார்த்தேன். ஜூலை என்றுதான் இருந்தது. தேதியைத் திருத்தினேன்.

அடுத்த வாக்கியங்கள்: திரும்பி வந்த ஆண்டில், வீட்டிலும் பொறுப்பு இருந்ததால் மதிப்பெண் குறைந்தது. மூன்றாம், நான்காம் ஆண்டு மதிப்பெண்களே என் வழக்கமான தரம். விடுப்புக் கடிதம் தேவைப்பட்டால் அனுப்புகிறேன். இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கை நிற்கவில்லை. இந்த அனுபவமே என்னைப் பொது சுகாதாரத்தின் பக்கம் திருப்பியது என்று ஒரு வரி சேர்த்தேன்.

அதையும் படித்துக் காட்டினேன். அம்மா முகத்தைச் சுளித்தார்.

"மீன்காரங்கள பாத்துத்தான் வந்துச்சுன்னு அந்தக் கட்டுரையில சொன்னியே. போன வாரம் படிச்சுக் காட்டுனியே."

"ஆமா."

"அப்ப இது எதுக்கு?"

அந்த வரியை எடுத்தேன். மிஞ்சியது ஐந்நூறு எழுத்துகூட இல்லை. அவ்வளவு பெரிய கட்டத்தில் அந்த நாலு வரி ஒரு மூலையில் கிடந்தது. போதுமா, போதாதா என்று தெரியவில்லை. மணி ஐந்து பத்து.

"அனுப்பு" என்றார் அம்மா.

அழுத்தினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. செல்போனிலிருந்து இணையம் எடுத்திருந்தேன். சிக்னல் இரண்டு புள்ளிதான் காட்டியது. போனை ஜன்னல் கம்பியோரம் கொண்டுபோய் வைத்தேன். அம்மா திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஐந்து இருபத்து மூன்றுக்குப் பக்கம் மாறியது. விண்ணப்பம் கிடைத்ததாக மின்னஞ்சலும் வந்தது. அம்மா எழுந்து போய் மெஷினில் உட்கார்ந்தார்.

ஏழு வாரம் கழித்து இணையவழி நேர்காணலுக்கு அழைத்தார்கள். மூன்று பேர் இருந்தார்கள். விடுப்பைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்ல நான் பத்துப் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். நடுவில் இருந்த பெண்மணி தாளைப் புரட்டி, "இரண்டாம் ஆண்டைப் பற்றிய விளக்கம் இருக்கிறது, நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு, முகாமில் இரத்த அழுத்தம் அதிகமாக இருந்தவர்களைப் பிறகு எப்படித் தொடர்ந்து கவனித்தீர்கள் என்று கேட்டார். தொடர்ந்து கவனிக்கவில்லை, அதற்கு எங்களிடம் ஏற்பாடு இல்லை, அதைக் கற்றுக்கொள்ளத்தான் வருகிறேன் என்றேன்.

இடம் கிடைத்தது. உதவித்தொகைக்கு முதலில் காத்திருப்போர் பட்டியலில்தான் போட்டார்கள். ஒரு மாதம் கழித்து அதுவும் வந்தது. கடிதத்தை அம்மாவுக்குத் தமிழில் முழுசாகச் சொன்னேன்.

"என்னப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?" என்றார்.

"கேக்கலம்மா."

மெஷினில் நூலைக் கோத்தார். பிறகு, "கேட்டிருந்தா சொல்லியிருக்கலாம்" என்றார்.