அந்தோணிராஜ் மாட்டிய கம்பி

6 பிப்ரவரி 2023: ரூ. 240
20 பிப்ரவரி 2023: ரூ. 650
4 மார்ச் 2023: ரூ. 180
18 மார்ச் 2023: ரூ. 1,150
11 ஏப்ரல் 2023: ரூ. 1,390

மேலே உள்ள ஐந்தும் திண்டுக்கல்லில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அந்தோணிராஜ், தன் கட்டட உரிமையாளரின் போனை டி.வி.யில் தெரிய வைப்பதற்காக வாங்கிய ஐந்து சாமான்களின் விலை.

அந்தோணிராஜ் ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தக்காளி பயிரிடும் குடும்பத்தில் 1971இல் பிறந்தவர். பத்தாம் வகுப்பு முடித்ததும் மதுரையில் ரேடியோ வேலை கற்றார். ரேடியோ ஓய்ந்து டி.வி. வந்ததும் டி.வி.க்கு மாறினார். டி.வி.கள் கெடுவதை நிறுத்திக்கொண்ட பிறகு செல்போனுக்கு வந்தார். 2005 ஜூன் முதல் தேதி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில், கருப்பணன் வீட்டின் கீழ்க்கடையை வாடகைக்கு எடுத்தார். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். ஐந்து முறை சிக்கல் எதுவும் வரவில்லை. ஆறாவது ஒப்பந்தம் 2023 மே 31இல் முடிய இருந்தது.

கருப்பணன் மேல்மாடியில் குடியிருந்தார். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் நேரக்காப்பு அலுவலகத்தில் இருந்தவர். ஆலையில் எதையும் மெமோவாகத்தான் கொடுத்துப் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. கீழ்க்கடைக்காரரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில்தான் அனுப்புவார். கடிதம் தபால் நிலையம் வரை போய், தபால்காரர் மதியழகன் கையால் அதே வீட்டுக்குத் திரும்பி வரும். கடிதம் போட்ட நாளிலிருந்து மாடிக் கைப்பிடியில் சாய்ந்து கீழே கேட்டுக்கொண்டே இருப்பார்.

"அந்தோணி! லெட்டர் வந்துச்சா?"

"இன்னும் வரலைங்கய்யா. என்ன எழுதியிருக்கீக?"

"அதெல்லாம் வாயால சொல்லப்படாது. வரட்டும்."

பிப்ரவரி 3ஆம் தேதி வந்த கடிதத்தில் மூன்றே வரிகள். கருப்பணனின் மைத்துனர் தங்கமுத்து தன் பழைய போனை ஒரு கம்பியால் டி.வி.யோடு இணைத்துப் பேரனின் காதுகுத்து வீடியோவை எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். தம்முடைய போனும் அதுபோல் கம்பி வழியாக டி.வி.யில் தெரிந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். தெரியாவிட்டால் மே 31ஆம் தேதி கடையைக் காலி செய்ய வேண்டும்.

அந்தோணிராஜ் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மதியழகன் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, தண்ணி வரியா?"

"டி.வி. வரி."

பதினெட்டு ஆண்டு வாடிக்கையாளர்கள் கடையோரம் மாடிக்கு ஏறும் படிக்கட்டைத்தான் அடையாளமாகச் சொல்வார்கள். வேறு தெருவுக்குப் போனால் பாதிப் பேர் தேடி வர மாட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் பெயர்ப்பலகையை எழுதிக்கொண்டு புதிதாகத் தொடங்குவது அவருக்குச் சரிப்படவில்லை. ஆகவே மாடி ஏறினார்.

கருப்பணனின் போன் 2014இல் வாங்கிய மலிவு விலைப் போன். கீழே மூன்று பொத்தான். மைக்ரோ யு.எஸ்.பி. துளை. வாங்கிய நாளில் ஒட்டிய பிளாஸ்டிக் உறை இன்னும் உரிக்கப்படவில்லை. அந்தோணிராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, தங்கமுத்து ஐயா போன் அப்ப வெல கூடுன போன். அதுக்குள்ள எம்.எச்.எல்.னு ஒரு சிப்பு இருக்கு. அந்தச் சிப்புதான் சார்ஜ் போடுற ஓட்டை வழியா படத்தை வெளிய அனுப்பும். உங்க போன்ல அது இல்ல."

"ஓட்டை ஒரே மாதிரித்தான இருக்கு?"

"ஓட்டை ஒண்ணுதான்யா. உள்ள ஆளு இல்லையே."

"ஓட்டை ஒண்ணுன்னா வேலையும் ஒண்ணுதான். வாங்கி மாட்டிப் பாரு."

முதலில் வந்தது ரூ. 240 கம்பி. ஒரு முனை மைக்ரோ யு.எஸ்.பி., மறு முனை டி.வி.யில் செருகும் எச்.டி.எம்.ஐ.; இடையில் வேறொன்றும் இல்லை. "அனைத்துப் போனுக்கும்" என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. உள்ளே எம்.எச்.எல். சிப் உள்ள போனும், எம்.எச்.எல். என்று எழுதிய துளை உள்ள டி.வி.யும் சேர்ந்தால்தான் அந்த வெறுங்கம்பி ஏதாவது செய்யும். கருப்பணனிடம் இரண்டும் இல்லை. டி.வி. "சிக்னல் இல்லை" என்றது.

இரண்டாவது, ரூ. 650 எம்.எச்.எல். அடாப்டர். அதற்கு மின்சாரம் வேண்டும். பக்கத்தில் இருந்த துளையில் சார்ஜரைச் செருகினார். அடாப்டரில் நீல விளக்கு எரிந்தது. போனும் சார்ஜ் ஏறத் தொடங்கியது. கருப்பணன் கைதட்டினார்.

"ஏறுது பாரு! ஏறுது!"

"சார்ஜுதான்யா ஏறுது."

"மொதல்ல சார்ஜு ஏறும், அப்பறம் படம் ஏறும். செத்த நேரம் பொறு."

இருவரும் நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். போன் நூறு சதவீதம் சார்ஜ் ஆனது. டி.வி. "சிக்னல் இல்லை" என்றது.

மறுநாள் கருப்பணனிடமிருந்து பதிவுத் தபால் புறப்பட்டது. செருகும் முனையில் உள்ள உலோக முள்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தார். யாரோ அவருக்குப் பதினோரு முள் இணைப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். ஒரு சில போன்களில் துளைக்குள் ஐந்துக்குப் பதில் பதினோரு முள் இருக்கும். அவற்றுக்கு அடாப்டரின் முனையில் ஒரு சிறு இணைப்புக் கட்டையை மாட்ட வேண்டும். கருப்பணன் போனில் ஐந்துதான். ஆனாலும் ரூ. 180 கொடுத்துக் கட்டை வாங்கப்பட்டது. துளைக்குள் அழகாகப் போனது. மிச்ச ஆறு முள்ளும் எதையும் தொடாமல் நின்றன.

நான்காவது ஸ்லிம்போர்ட். அதுவும் அதே துளை வழியாகத்தான் படம் அனுப்பும், ஆனால் வேறு முறை, எம்.எச்.எல்.லோடு ஒத்துப்போகாது, அதற்கும் போனுக்குள் தனியாக ஒரு சிப் வேண்டும். வெளி மின்சாரம் தேவையில்லை என்பது மட்டும் வித்தியாசம். ரூ. 1,150க்கு மதுரையிலிருந்து வரவழைத்தார். இந்த முறை விளக்குக்கூட எரியவில்லை.

அன்று அந்தோணிராஜ் போனின் முதுகைக் கழற்றி, லென்ஸ் வைத்துக் காட்டினார்.

"இங்க பாருங்கய்யா. ஓட்டையில இருந்து கோடு நேரா பெரிய சிப்புக்குப் போகுது. நடுவுல ஒருத்தரும் இல்ல. அடாப்டர் மாட்டுனதும் 'நான் வந்திருக்கேன்'னு அஞ்சு முள்ளுல ஒண்ணு வழியா தகவல் சொல்லும். எம்.எச்.எல். சிப்பு இருந்தா 'சரி, வா'ன்னு படப் பாதையைத் திறந்துவிடும். இங்க யாரு திறப்பா? உங்க மில்லு கேட்டுல பஸ்ஸு வந்து ஆரன் அடிக்குது, உள்ள வாச்மேனே கெடையாது. என்ன செய்யும்?"

கருப்பணன் லென்ஸை வாங்கித் தாமும் ஒரு முறை பார்த்தார்.

"பஸ்ஸை மாத்து."

"அப்ப போனை மாத்துவமாய்யா?"

"போனை மாத்துனா என் போன் தெரிஞ்சதா ஆகுமா? தங்கமுத்து என்ன நெனப்பான்?"

அந்தோணிராஜுக்கு வேறு வழி ஒன்று தெரியும். அந்தப் போனின் அமைப்புப் பக்கத்தில் "வயர்லெஸ் டிஸ்ப்ளே" என்று ஒரு வரி இருந்தது. டி.வி.யின் எச்.டி.எம்.ஐ. துளையில் கட்டைவிரல் அளவு கருவி ஒன்றைச் செருகினால், போன் வைஃபை மூலம் நேராக அதற்குப் படம் அனுப்பும். இணையமும் வேண்டாம், எம்.எச்.எல்.லும் வேண்டாம். ஏப்ரல் 11இல் ரூ. 1,390க்கு அதை வாங்கி, மாடிக்குப் போய்ச் சொன்னார்.

கருப்பணன் முகம் சுளித்தார். "காத்துலயா? காத்துல போற படம் பக்கத்து வீட்டு டி.வி.க்குப் போயிருச்சுன்னா? வேணாம்ப்பா. கம்பி இருந்தாத்தான் எங்கருந்து எங்க போகுதுன்னு தெரியும். லெட்டர்ல கம்பின்னு எழுதியிருக்கேன். ஒப்புகை அட்டையில நீ கையெழுத்துப் போட்டிருக்க."

அந்தோணிராஜ் கருவியைப் பையில் போட்டுக்கொண்டார். கையெழுத்து அவருடையதுதான்.

மே 21, ஞாயிற்றுக்கிழமை, தங்கமுத்து வருவதாக இருந்தது. அன்று காலை அந்தோணிராஜ் மாடிக்குப் போனார். டி.வி.யின் பின்பக்கம் எச்.டி.எம்.ஐ. ஒன்றில் கட்டைவிரல் கருவியைச் செருகினார். எச்.டி.எம்.ஐ. இரண்டில் ரூ. 240 வெறுங்கம்பியைச் செருகி, மறுமுனையைப் போனில் மாட்டினார். டி.வி.யை எச்.டி.எம்.ஐ. ஒன்றுக்கு மாற்றினார். போனில் வயர்லெஸ் டிஸ்ப்ளேயைத் தொட்டார். பத்து நொடியில் கருப்பணனின் போன் முகப்பு நாற்பத்து மூன்று அங்குலத்துக்கு விரிந்தது. அதில் 611 படிக்காத குறுஞ்செய்திகள் இருந்தன.

கருப்பணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியுது அந்தோணி!"

"தெரியுதுங்கய்யா."

"கம்பியும் இருக்கு!"

"கம்பியும் இருக்குங்கய்யா."

இரண்டு வாக்கியமும் உண்மைதான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அந்தோணிராஜ் சொல்லவில்லை. ஆனாலும் தங்கமுத்து போனதும் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

தங்கமுத்து பதினொரு மணிக்கு வந்தார். தேங்காய் வியாபாரம், எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். தன் போன், தன் அடாப்டர், தன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். கருப்பணன் விரலால் ஒரு படத்தைத் தள்ள, டி.வி.யில் அது அரை நொடி கழித்து நகர்ந்தது.

"மச்சான், லேட்டா வருதே?"

"கம்பி நீளமப்பா," என்றார் கருப்பணன்.

"என் கம்பி இதவிட நீளம். எனக்கு லேட்டாகல. சார்ஜரையும் காணோம். இது என்ன கம்பி?" தங்கமுத்து குனிந்தார். அந்தோணிராஜ் "ஐயா, அது..." என்று வாயெடுப்பதற்குள், போனிலிருந்து கம்பியைப் பிடுங்கினார்.

டி.வி.யில் படம் போகாமல் அப்படியே இருந்தது.

தங்கமுத்து தன் கையிலிருந்த முனையைப் பார்த்தார். டி.வி.யைப் பார்த்தார். மீண்டும் முனையைப் பார்த்தார். அந்தோணிராஜ் மனதுக்குள் கடைச் சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டத் தொடங்கியிருந்தார்.

கருப்பணன் மெதுவாக எழுந்தார். போனைக் கையில் எடுத்து, ஒரு படத்தைத் தள்ளினார். டி.வி.யிலும் அது நகர்ந்தது.

"பாத்தியா மாப்ள," என்றார். "உன் கம்பியப் புடுங்குனா படம் போயிரும். என் கம்பியப் புடுங்குனாலும் போகாது! அம்புட்டுக் கம்பி!"

தங்கமுத்து தன் போனை மாட்டி, படம் வந்ததும் பிடுங்கிப் பார்த்தார். உடனே போய்விட்டது. மூன்று முறை செய்தார். மூன்று முறையும் போனது. மஞ்சள் பையை மடித்துக்கொண்டார்.

"ஐயா, ஒரு விசயம். படம் வர்றது கம்பியில இல்ல..." என்றார் அந்தோணிராஜ்.

"பேசாத," என்றார் கருப்பணன். "அவன் முன்னால தொழில் ரகசியத்தச் சொல்லாத."

தங்கமுத்து போன பிறகு மீண்டும் சொல்லப் போனார். கருப்பணன் கதவைச் சாத்திக்கொண்டு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எழுதும்போது அவர் யாரோடும் பேசுவதில்லை. அடுத்த ஐந்து நாளும் மாடியிலிருந்து ஒரே கேள்விதான் வந்தது. "லெட்டர் வந்துச்சா?" உள்ளதைச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் "மொதல்ல லெட்டரப் படி" என்றார்.

கடைசியில் மதியழகன் கொண்டுவந்தார். ஒப்பந்தம் 2026 மே 31 வரை புதுப்பிக்கப்பட்டது. ஒரு நிபந்தனை: பிடுங்கினாலும் படம் போகாத அந்தக் கம்பியில் தங்கமுத்துவுக்கு ஒன்றும், நூற்பாலை ஓய்வூதியர்களுக்குப் பதினேழும் ஜூன் 30க்குள் தர வேண்டும். அந்தோணிராஜ் ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதைப் படித்தார்.

கடிதம் வந்த நாள் 27 மே 2023, சனிக்கிழமை.