ஏழு மணிக்குத் தட்டும் முகவரி

நெக்குலாய் பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவர். கலாட்ஸ் நகரத்துக் கப்பல் பட்டறையில் வயர் இழுத்து, பட்டறை ஆளைக் குறைத்தபோது நகராட்சி மருத்துவமனைக்கு வந்து, அங்கேயும் வயர் இழுத்தார். வயருக்குள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்கப் புறப்பட்டவர், ஐம்பத்துநான்கு வயதில் அடித்தளத்து அறையில் சுரிகாட்டாவுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். இணையத்திலிருந்து உள்ளே வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிற நிரல் அது. கெட்ட பெயர் எடுத்த இணைய முகவரிகளின் பட்டியல் தினமும் வெளியிலிருந்து வந்து அந்த விதிகளில் சேரும்.

பல மாதம் அந்த விதிகளை 'எச்சரி' என்று மட்டும் வைத்திருந்தார். பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றின் கணினிகளை யாரோ முடக்கிப் போட்டதும், மொத்தப் பட்டியலையும் 'தடு' என்று மாற்றினார். மேலதிகாரி கையைக் குலுக்கினார். அது நடந்து மூன்று வாரம்.

செவ்வாய்க்கிழமை காலை இதயப் பிரிவு செவிலி துதோரா கையில் கோவ்ரிக் ரொட்டியோடு இறங்கி வந்தாள்.

"அண்ணே, உங்க பெட்டி தூங்குதா?"

"அது தூங்காது. நீதான் வேலை நேரத்துல தின்னுட்டுத் திரியிற."

"ஜெனோவியா அக்கா வீட்டுலேருந்து வர்ற இதயக் கணக்கு அஞ்சு நாளா வரல. முன்னாடி ஒருதடவ நின்னப்ப மோடத்தை அணைச்சுப் போடச் சொன்னேன். ரெண்டு நாள் வந்துச்சு, திரும்ப நின்னுபோச்சு. நாளைக்குள்ள வரலேன்னா வார்டுல படுக்க வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்தப் பொம்பள போன்ல அழுவுது அண்ணே. நாலு மாசம் இங்க கெடந்துட்டு இப்பத்தான் வீட்டுக்குப் போச்சு."

நெக்குலாய் பதிவைத் திறந்தார். தடுக்கப்பட்டவை ஆயிரக்கணக்கில். நேரம் காலம் இல்லாமல் வந்து கதவு கதவாகத் தட்டிப் பார்க்கிற கும்பல். அதில் ஒரே ஒரு முகவரி, காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் மட்டும், இதயப் பிரிவு சர்வரின் ஒரே கதவைத் தட்டியிருந்தது. ஐந்து நாளும் அப்படியே. திருடன் இப்படி மணி பார்த்து வரமாட்டான்.

"நான்தான் வெளிய தள்ளியிருக்கேன்" என்றார்.

"யார?"

"உன் அக்காவ."

மூன்று வாரத்தில் ஒரு நாளாவது யாரைத் தள்ளுகிறோம் என்று பார்த்திருக்கலாம். எண்ணிக்கையைப் பார்த்துப் பெருமைப்பட்டதோடு சரி.

அந்த ஒரு முகவரியிலிருந்து அந்த ஒரு கதவுக்கு மட்டும் 'விடு' என்று ஒரு விதி எழுதினார். 'தடு' விதியை விட 'விடு' விதியைத்தான் சுரிகாட்டா முதலில் மதிக்கும். மேலே குறிப்பு வரியில் 'ஜெனோவியா, பட்டியல் தெளிந்ததும் எடுக்க' என்று எழுதி, விதிகளை மறுபடி ஏற்றினார். ஆனால் அந்த முகவரி ஏன் பட்டியலுக்குப் போனது என்பது உறுத்தியது. வேலை முடிந்ததும் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்தவர் ஜெனோவியாவின் கணவர் இலாரியோன், டிராம் ஓட்டுநர். ஜெனோவியா சோபாவில் போர்வையோடு இருந்தாள். அவளுக்கு நேர் எதிரே அலமாரி மேல் ஒரு மலிவு கேமரா.

"இது எதுக்கு?"

இலாரியோன் காதைச் சொறிந்தார். "அவ ஒருதடவ மயங்கி விழுந்தா சார். கடைசி நிறுத்தத்துல ஏழு நிமிஷம் கெடைக்கும். அப்ப போன்ல பாப்பேன்."

"நான் மூக்க நோண்டுறதக்கூடப் பாக்குறாரு" என்றாள் ஜெனோவியா.

"கடவுச்சொல்ல மாத்துனீங்களா?"

"பெட்டில இருந்ததே நல்லாத்தான இருந்துச்சு."

நெக்குலாய் பெருமூச்சு விட்டார். "இத எவனோ புடிச்சுக்கிட்டான். இங்கேருந்து ஊரெல்லாம் கதவத் தட்டிக்கிட்டிருக்கான். பட்டியல்ல ஏறுனது உங்க வீட்டு முகவரி. மோடத்தை அணைச்சதுல புது முகவரி கெடைச்சது. ரெண்டே நாள்ல இது அதையும் கெடுத்துருச்சு."

இலாரியோனின் முகம் வெளுத்தது. "என்னாலயா அவ கணக்கு போகல?"

"பாதி உங்களால. மீதி என்னால."

கேமராவைக் கழற்றினார். மோடத்தில் அதற்கென்று திறந்து வைத்திருந்த வழியை மூடினார். மோடத்தை மட்டும் இப்போது அணைக்கக் கூடாது, முகவரி மாறினால் நான் எழுதியது வேறு எவனுக்கோ போய்விடும் என்று இரண்டு தடவை சொன்னார். இலாரியோன் வெறும் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் கேமரா ஒண்ணு இருக்கு. வாசல்ல என் காரப் பாத்துக்கிட்டிருக்கு" என்றார் நெக்குலாய். "கார எவனும் தூக்கமாட்டான். நாளைக்கு நீங்க வேலைக்குக் கெளம்புறதுக்குள்ள மாட்டித் தர்றேன். கடவுச்சொல்லு நான் வைக்கிறதுதான்."

ஏழு மணிக்கு ஜெனோவியா மார்பில் பட்டையை வைத்தாள். கருவி பச்சையாகச் சிமிட்டியது. ஜெனோவியா கணவரின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெக்குலாயின் போன் அடித்தது.

"வந்துருச்சு அண்ணே" என்றாள் துதோரா. "நல்லாவும் இருக்கு. வார்டு வேண்டாம்னு டாக்டர் எழுதிட்டாரு."

ஒன்பது நாள் கழித்து அந்த முகவரி பட்டியலிலிருந்து விழுந்தது. நெக்குலாய் தான் எழுதிய விதியை எடுத்துவிட்டார். குறிப்பு வரியை மட்டும் அப்படியே விட்டுவைத்தார். இப்போதும் தினமும் காலையில் தடுக்கப்பட்டவர்களின் வரிசையைத் திறந்ததும், எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன்னால், மணி பார்த்து வருகிறவர்கள் யாராவது வெளியே நிற்கிறார்களா என்றுதான் தேடுகிறார்.