சத்தம் இல்லாத வீடியோ

மலைமேல் இருக்கும் கரியாலூரில் மரவள்ளிக் காட்டைப் பன்றிகள் கிளறிப் போட்டுவிடும். அதனால்தான் எழில்மதி தன் கடைசி வருட ப்ராஜெக்டாக, பன்றி வந்தால் அலறும் கருவியைச் செய்தாள். எதிரே உயிருள்ள உடம்பு ஏதாவது நகர்ந்தால் சென்சார் கண்டுகொள்ளும், விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும்.

கள்ளக்குறிச்சியில், கல்லூரி லேபில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதன் முன்னால் கையை ஆட்டினார். விளக்கு எரிந்தது. பஸ்ஸர் கத்தவில்லை. மலையிறங்கிய பஸ்ஸின் குலுக்கலில் எந்த ஒயர் கழன்றதோ, பதற்றத்தில் அவளுக்குப் பிடிபடவில்லை.

"பரவால்ல, எடுத்து வெச்ச வீடியோவப் போடும்மா" என்றார் அவளுடைய ப்ராஜெக்ட் கைடு.

வீடியோவில் அவள் அப்பா பொன்னுரங்கம், பன்றி மாதிரி தவழ்ந்து வந்தார். விளக்கு எரிந்தது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஒரு சத்தமும் இல்லை.

"இதுலயும் பஸ்ஸர் கத்தலையேம்மா?" என்றார் தேர்வாளர்.

வீடியோ எடுத்தபோது கத்தத்தான் செய்தது. கூடவே அப்பாவும், "கத்துது பாப்பா, கத்துது!" என்று கூவினார். அந்தப் பேச்சைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள் என்று நேற்று அவளேதான் ஒலியை மொத்தமாக நீக்கினாள். அசலையும் அழித்துவிட்டாள். இதை எந்த வாயால் சொல்வது?

"மைக் ரிப்பேர் சார்" என்றாள். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

"இன்னா பாப்பா, வீடியோவ சாருங்க பாத்தாங்களா? என் கொரலு நல்லா கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா."