வாரத்துக்கு இரண்டு நாள் வேலை

பெரிய பால் நிறுவனமொன்றின் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்துமூன்று வருடம் உழைத்து, அதன் தலைவியாக ஓய்வுபெற்றவர் அவர். 'லேப் அம்மா' என்பது சுருங்கி எல்லோருக்கும் லேபம்மா. ஓய்வுபெற்ற ஐந்தாம் மாதம் வீட்டுத் தயிரை முகர்ந்து பார்த்துக் குறிப்பெழுத ஆரம்பித்துவிட்டார்.

"எங்கயாவது வேலைக்குப் போயிடும்மா, அடுத்து என்னையும் டெஸ்ட் பண்ணிடுவே" என்றார் கணவர்.

மூன்று இடங்களில் கேட்டார். பழைய சம்பளத்தைச் சொன்னதும் மூன்றிலும் பேச்சு நின்றுபோனது. முன்பு கூட வேலை பார்த்த நண்பர்தான் போட்டு உடைத்தார்.

"அந்தச் சம்பளம் உங்க பதவிக்கும் சர்வீஸுக்கும் குடுத்தது. சின்ன கம்பெனிக்கு நீங்க வாரம் ரெண்டு நாள் வந்தாப் போதும். ஆனா இன்னிக்கு இருக்கற முறை தெரிஞ்சிருக்கணும்."

சுருக்கென்றது. மறுவாரமே உணவுப் பாதுகாப்புப் பயிற்சியில் சேர்ந்தார். புதிய விதிகள், கம்ப்யூட்டரில் பதிவேடு எல்லாம் படித்தார். ஒரு கையடக்கக் கருவி அவரை மயக்கியே விட்டது. பஞ்சுக் குச்சியால் இயந்திரத்தைத் துடைத்து அதில் செருகினால், எவ்வளவு அழுக்கு மிச்சமிருக்கிறது என்பதைச் சில நொடிகளில் எண்ணாகக் காட்டிவிடும்; எண் ஏற ஏற அழுக்கு அதிகம்.

அந்த நண்பர் மூலமாகவே ஓர் அழைப்பு வந்தது. சின்னதொரு வாசனைப்பால் தொழிற்சாலை. பத்து நாள் தாங்கவேண்டிய பாட்டில்கள் ஐந்தாம் நாளே புளித்தன.

"சூடு பத்தலைங்க. ரெண்டு தடவ ஏத்திட்டேன், அப்பவும் அதே கதைதான்" என்றார் முதலாளி.

லேபம்மா சூட்டுப் பதிவுகளைப் பார்த்தார். காய்ச்சிய பாலையும் சோதித்தார். குறையே இல்லை.

"அப்போ காய்ச்சின பிறகுதான் கெடுது. பாட்டில் நிரப்பற மெஷினக் காட்டுங்க."

அன்று காலைதான் கழுவியிருந்தார்கள். முதல் குழாயைத் துடைத்தார்: எட்டு. இரண்டாவது பதினொன்று, மூன்றாவது ஒன்பது. நான்காவது குழாயில் எண் எழுநூற்றைத் தாண்டியது!

"கழட்டுங்க!"

உள்ளே ரப்பர் வளையம் வெடித்திருந்தது. விரிசலுக்குள் மஞ்சளாய்ப் பால் ஆடை. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். வளையங்களை மாற்றினார்கள். பத்தாம் நாள் திறந்த பாட்டில் அப்போதுதான் அடைத்ததுபோல இருந்தது.

"மாசச் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்றார் முதலாளி.

"மாசச் சம்பளம் வேணாம். மாசம் எட்டு நாள், நாளுக்கு இவ்வளவு" என்று தாளை நீட்டினார். "பயணச் செலவு தனி. என்னென்ன செய்வேன்னு எழுதியிருக்கேன். மூணு மாசம் பார்ப்போம்."

"கொஞ்சம் குறைச்சுக்கலாமே?"

"நாள் கூலியக் குறைக்க மாட்டேன். முதல் மாசம் ஆறு நாளா வச்சுக்கலாம்."

கைகுலுக்கினார்கள். வாசலுக்கு வந்ததும் கணவருக்குப் போன்.

"எவ்வளவு?"

"பழசுல கால்வாசி."

"கால்வாசிக்கா இந்தக் குதி குதிக்கறே?"

"சரிதான் போங்க! திங்கக்கிழமை மூடி போடற மெஷினக் கழட்டப் போறோம்!"